பிளஸ் ஒன் மகனுக்கு என்ன பரிசு, என்ன கட்டுப்பாடு?

*என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அடுத்த மாதம் 16 வயது முடிகிறது. வீட்டுக் கணினியில் எப்போதும் வேலோரண்ட்தான். சாப்பிடக் கூப்பிட்டால், "பாதியில் வர முடியாதும்மா" என்கிறான். பிறந்தநாளுக்கு கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். எங்களால் 5,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். என்ன வாங்கித் தரலாம்? படிப்பு கெடாமல் இருக்க வீட்டில் என்ன விதி வைக்கலாம்?*
*— ஒரு தாய், திருச்சி*

உங்கள் மகன் சொல்வது சாக்கு அல்ல. வேலோரண்ட் ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் இணையத்தில் மோதும் ஆட்டம். அதை இடையில் நிறுத்தி வைக்க வழியில்லை. ஒருவன் எழுந்து போனால் மற்ற நால்வரும் ஆள் குறைந்து ஆட வேண்டும். போனவனுக்கும் சிறிது நேரம் ஆட முடியாதபடி தடை விழும். எனவே "ஒரு மணி நேரம்தான்" என்று கடிகாரத்தை வைத்து விதி போட்டால் தினமும் சண்டைதான். மேட்ச் கணக்கில் விதி போடுங்கள்.

அதற்கு நீங்கள் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். காம்படிட்டிவ் என்பது தரவரிசைக்கான ஆட்டம். முதலில் 13 சுற்று வெல்லும் அணிக்கு வெற்றி. ஒரு மேட்ச் முடிய 40 நிமிடம் வரை ஆகும், சமநிலை வந்தால் இன்னும் நீளும். ஸ்விஃப்ட்பிளே என்பது 5 சுற்று வென்றால் முடிந்துவிடும் குட்டி ஆட்டம். சுமார் கால் மணி நேரம்.

பள்ளி நாட்களில் ஸ்விஃப்ட்பிளே இரண்டு மட்டும். காம்படிட்டிவ் சனி, ஞாயிறுக்கு, ஒரு நாளைக்கு இரண்டு. வார நாள் ஆட்டத்தை இரவில் வைக்காதீர்கள். "படித்து முடித்தால் விளையாடலாம்" என்று சொன்னால் பாடத்தை அரைகுறையாக ஓட்டிவிட்டு ஒன்பது மணிக்கு உட்காருவான், பிறகு தூக்கம் வராது. ஐந்து மணிக்கு வீடு வந்து, டிபன் சாப்பிட்டு, ஆறு மணி டியூஷனுக்கு முன் இரண்டு ஆட்டம் என்று வையுங்கள். டியூஷனுக்குக் கிளம்பும் நேரமே ஆட்டத்துக்கு முடிவு கட்டிவிடும், நீங்கள் குரல் உயர்த்த வேண்டியதில்லை. 5.40க்கு மேல் புது மேட்ச் தொடங்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

ஆலோசனைக்கு வந்த ஒரு தந்தை, மகன் 12-11 என்று முன்னிலையில் இருந்தபோது கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். இன்னும் ஒரே சுற்று வென்றிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். இரண்டு வாரம் பையன் அவரிடம் பேசவில்லை. இப்போது அவர் திரையின் மேலே உள்ள எண்களைப் பார்த்துவிட்டு, "இன்னும் இரண்டு சுற்றா? முடித்துவிட்டு வா" என்கிறார். ஒரு சுற்றுக்கு அதிகம் போனால் சுமார் மூன்று நிமிடம்தான். அவன் வந்து உட்காரும் வரை இட்லி ஆறாது.

மாதத் தேர்வு வாரத்தில் காம்படிட்டிவ் வேண்டாம். ஆனால் தினமும் ஒரு ஸ்விஃப்ட்பிளே இருக்கட்டும். முற்றிலும் நிறுத்தினால் திருட்டுத்தனமாகப் போனில் வேறு ஏதாவது ஆடத் தொடங்குவான் என்பது என் அனுபவம். கணினி ஹாலில் இருக்கட்டும். இரவில் அவன் போனும் அங்கேயே சார்ஜ் ஏறட்டும். தோற்றுப்போனால் பத்து நிமிடம் முகம் தூக்கி வைத்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் எழுப்ப முடியாமல் போவதையும், விளையாடியதை மறைப்பதையும் கவனியுங்கள்.

பரிசுக்கு வருவோம். வேலோரண்ட் எளிய கணினிகளிலும் ஓடும்படி உருவாக்கப்பட்ட விளையாட்டு. இப்போது தடங்கல் இல்லாமல் ஆடுகிறான் என்றால் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. காது முழுவதையும் மூடும், மைக் உள்ள, வயர் ஹெட்செட் வாங்குங்கள். சுமார் 2,000 ரூபாயில் நல்லதே கிடைக்கும். எதிராளியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை வைத்து ஆடும் விளையாட்டு இது. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும், அதனால்தான் வயர். ஹாலில் துப்பாக்கிச் சத்தமும் நிற்கும்.

மீதிப் பணத்தில், நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்கக்கூடிய விளையாட்டு ஒன்றை ஸ்டீம் தளத்தில் வாங்கித் தாருங்கள். நான் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் சொல்வேன். ராக்கெட் கட்டி விண்ணில் ஏற்றும் ஆட்டம். ஒரே சுற்றுப்பாதையில் முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால், நம் பாதை பெரிதாகி, ஒரு சுற்று வர நேரம் கூடி, இன்னும் பின்தங்கிவிடுவோம். எட்டிப்பிடிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும்! இதைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு இயற்பியலில் ஈர்ப்பியல் பாடம் புதிதாக இருக்காது. அதற்காக இதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவனுக்கு இது விளையாட்டாகவே இருக்கட்டும். அவன் கணினியில் சரியாக ஓடவில்லை என்றால், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

வாங்கும்போது உங்கள் வங்கி அட்டை எண்ணை அவன் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். வேலோரண்ட் இலவசம்தான், ஆனால் துப்பாக்கிக்கான அலங்கார ஸ்கின்களைக் காசுக்கு விற்கிறது. அவற்றால் ஆட்டத்தில் பலம் கூடாது, ஆனாலும் நண்பனிடம் இருப்பது தன்னிடமும் வேண்டும் என்று தோன்றும் வயது இது. ஸ்கின் வேண்டுமானால் தன் கைச்செலவுப் பணத்தில் சேர்த்து, உங்களிடம் கொடுத்து வாங்கட்டும்.