112 சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும் 18

வாசகர் கேள்வி: எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்துக்குக் கஸ்டமர் சக்ஸஸ் மேனேஜர் ஒருவரைத் தேடுகிறோம். புதிய வாடிக்கையாளரின் ஆன்போர்டிங், ரின்யூவலை முடித்துத் தருவது, வாடிக்கையாளர் தங்குவாரா விலகுவாரா என்று கணிக்கும் ஹெல்த் ஸ்கோரைக் கவனிப்பது என மூன்றையும் அறிவிப்பில் கேட்டிருந்தோம். ஒரு ரெஸ்யூமேயில் மூன்றும் எண்களோடு இருக்கின்றன: "ரெவின்யூ ரிடென்ஷன் 112%; ஆன்போர்டிங் 60 நாளிலிருந்து 35 நாளானது; ஹெல்த் ஸ்கோர் 62-லிருந்து 81 ஆனது; ரின்யூவல்களில் விற்பனைக் குழுவுக்குத் துணை நின்றேன்." எவ்வளவு நம்பலாம்?

பதில்: நேர்முகத்துக்கு அழையுங்கள், ஆனால் அந்த 112-க்காக அழைக்காதீர்கள். ரிடென்ஷன் 100-ஐத் தாண்டியிருந்தால் அது நெட் ரிடென்ஷனாகத்தான் இருக்க முடியும். ஏனெனில் கிராஸ் ரிடென்ஷன் என்பது ஏற்கெனவே இருந்த வருமானத்தில் எவ்வளவு தங்கியது என்பதை மட்டும் சொல்வது. அது 100-க்கு மேல் போகவே போகாது. நெட் கணக்கிலோ, அதே வாடிக்கையாளர்கள் கூடுதலாக வாங்கியதும் சேர்ந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் 40 வாடிக்கையாளர்களிடமிருந்து மொத்தம் 100 அலகு ஆண்டு வருமானம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குள் 8 பேர் விலகியதில் 14 அலகு போய்விட்டது. வேறு சிலர் சிறிய திட்டத்துக்கு மாறியதில் இன்னும் 4 போனது. அதே ஆண்டில் இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் பயனர் எண்ணிக்கையைக் கூட்டியதால் 30 அலகு வந்தது. நெட் ரிடென்ஷன் 112. கிராஸ் 82 மட்டுமே. தலையெண்ணிக்கையில் பார்த்தாலோ ஐந்தில் ஒருவர் போய்விட்டார். அந்த 30 அலகைக் கொண்டுவந்தவர் இவரா, விற்பனைக் குழுவா என்பதும் ரெஸ்யூமேயில் இல்லை. உங்கள் விண்ணப்பதாரரின் நிலை இதுதான் என்று நான் சொல்லவில்லை. 112 என்ற எண் இந்தக் கதையையும் மறுக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

எண்ணைவிட வினைச்சொல் அதிகம் பேசும். உங்கள் அறிவிப்பு "முடித்துத் தருவது" என்கிறது. ரெஸ்யூமே "துணை நின்றேன்" என்கிறது. பல நிறுவனங்களில் விலை பேசுவதும் கையெழுத்து வாங்குவதும் அக்கவுண்ட் மேனேஜரின் வேலை. சக்ஸஸ் மேனேஜர் பயன்பாட்டு விவரங்களைத் திரட்டிக் கொடுத்து, பயன்படுத்துவோரின் மனக்குறைகளை முன்கூட்டியே தீர்த்து வைப்பார். அது குறையன்று, ஆனால் வேறு வேலை. ரின்யூவலைச் சொந்தமாகச் சுமந்தவரின் ரெஸ்யூமேயில் பெரும்பாலும் அதன் தடயங்கள் இருக்கும்: காலாண்டுக்கு எத்தனை ஒப்பந்தங்கள், முடிவுத் தேதிக்கு எத்தனை நாள் முன்னதாகப் பேச்சைத் தொடங்கினார், தள்ளுபடி கேட்டபோது என்ன செய்தார் என்பன போன்றவை. இந்த ரெஸ்யூமேயில் அப்படி ஒன்றும் இல்லாததால், நேர்முகத்தின் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். அவர் கவனித்தவை 25 பெரிய கணக்குகளா, 400 சிறிய கணக்குகளா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் வேலைமுறை முற்றிலும் வேறு.

ஆன்போர்டிங் பற்றி ஒரே கேள்வி போதும்: 35 நாள் எங்கிருந்து எங்கு வரை? ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து எண்ணாமல் முதல் கூட்டத்திலிருந்து எண்ணினாலோ, வாடிக்கையாளர் தம் அன்றாட வேலையை மென்பொருளில் செய்யத் தொடங்கும் வரை காத்திராமல் லாகின் கொடுத்ததுமே முடிந்தது என்று குறித்தாலோ, யாரும் விரல் அசைக்காமலே நாட்கள் குறைந்துவிடும்.

ஹெல்த் ஸ்கோர் விஷயத்தில் நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழிதான். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரே காலாண்டில் சராசரி மளமளவென உயர்ந்தது. தேடிப் பார்த்தால், தீராத புகார்களுக்கு இருந்த மதிப்பெண் எடையைக் குறைத்து, லாகின் எண்ணிக்கைக்குக் கூட்டியிருந்தார்கள். நல்ல ஸ்கோரைக் காட்டும் பச்சை நிறத்தில் இருந்த மூன்று கணக்குகள் அடுத்த காலாண்டிலேயே விலகின. ஆகவே 62 எப்படி 81 ஆனது என்று கேட்பதோடு நிற்காமல், விலகிய வாடிக்கையாளர்கள் அதற்கு 90 நாள் முன்பு எந்த நிறத்தில் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். உண்மையில் ஸ்கோரை வைத்து வேலை செய்தவர், பச்சையாகத் தெரிந்தும் கைநழுவிய ஒரு கணக்கைத் தயங்காமல் விவரிப்பார்: ஆதரவாக இருந்த மேலாளர் வேலை மாறிப் போனார், லாகின்கள் தொடர்ந்தன, புதியவர் வேறு மென்பொருளைக் கொண்டுவந்தார் என்பதுபோல.

அழைப்புக் கடிதத்திலேயே கிராஸ் ரிடென்ஷன், கணக்குகளின் எண்ணிக்கை, விலகியோர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கேட்டுவிடுங்கள். பழைய நிறுவனத்தின் வருமானத் தொகையைச் சொல்ல அவருக்குத் தடை இருக்கலாம். தொகையை வற்புறுத்தாதீர்கள், சதவீதம் போதும்.