வேறு பேணியில் தண்ணீர்

"எங்கட வீட்டில வயல் வேலைக்கு வாற சிலருக்குச் சாதி பாத்து வேற பேணியிலதான் தண்ணி குடுக்கினம். 'பரம்பரை வழக்கம்' எண்டு அம்மம்மா சொல்லுறா. இதில என்ன பிழை?"

அந்த வழக்கத்துக்குச் சொல்லும் காரணத்தையே சோதித்துப் பாருங்கள். தீட்டுத்தான் காரணமென்றால், அவர்கள் நாற்று நட்டு, அரிவு வெட்டி, சூடடித்த நெல்லை நீங்கள் அவித்துக் குத்திச் சோறாக்குகிறீர்களே, அதில் ஏன் தீட்டில்லை? கை பட்ட நெல் வேண்டும், வாய் பட்ட பேணி வேண்டாம். ஆக, காரணம் தீட்டல்ல. ஆளைத் தாழ்த்தி வைப்பதுதான்.

சுத்தம் என்றும் சொல்வார்கள். நோய் பரவும் என்று பயமென்றால் எல்லாருடைய பேணியையும் கழுவவேண்டும். தகப்பன் யாரென்று கேட்டபிறகுதான் பேணி தெரிவாகிறது என்றால் அது சுத்தமல்ல. பிறப்பு ஒருவர் செய்த செயலுமல்ல, அதற்காகத் தண்டிக்க.

பொது இடங்களில் சாதி பார்த்துத் தடுப்பதை 1957இலேயே இலங்கைச் சட்டம் குற்றமாக்கியது. உங்கள் குசினிக்குள் அது வராது. அம்மம்மாவிடம் நெல்லைப் பற்றிய கேள்வியை மரியாதையாக நீங்கள்தான் கேட்கவேண்டும்.