வளைஞ்சு வெளிய வந்த மூங்கில் ஆணி

கேள்வி: பழைய மரக் கோயில், மர வீடெல்லாம் ஒரு ஆணி கூட அடிக்காம கட்டினாங்கன்னு சொல்றாங்களே, அப்போ அது எப்படி கழண்டு விழாம நிக்குது? பசை ஏதாவது போடுவாங்களா?

பசை வேண்டாம்ங்க. ஒரு மரத்துல நாக்கு, இன்னொண்ணுல துளை, நாக்கை துளைக்குள்ள விட்டு குறுக்கால ஒரு மர ஆணி. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா நூறு வருஷம் ஆனாலும் ஏன் லூஸ் ஆகலைங்கிற விஷயம் அந்தக் குறுக்கு ஆணிக்குள்ள ஒளிஞ்சிருக்கு, எனக்கே அது தற்செயலாத்தான் தெரிய வந்துச்சு.

திருவல்லிக்கேணில எங்க தாத்தா வீட்டை இடிச்சப்போ தெரு வாசக்காலை மட்டும் தூக்கிப்போட மனசு வரல, தேக்கு, நல்ல கனம். நான் இப்ப இருக்கற ஃப்ளாட்டுக்கு அந்த அளவு பெருசுங்கறதால கழட்டி சின்னதாக்கலாம்னு ஒரு ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் மூலையில இருந்த மூங்கில் ஆணியை பின்பக்கத்துல இருந்து தட்டி வெளிய எடுத்தார், பாத்தா அது நேரா இல்ல, நடுவுல ஒரு சின்ன கோணல், படிக்கட்டு மாதிரி. "பழசாகி வளைஞ்சு போச்சு போல அண்ணே"ன்னேன். அவர் சிரிச்சிட்டு, "வளையலைன்னாதான் தம்பி தப்பு. அது முதல் நாளே வளைஞ்சது. இழுப்பு குடுத்து அடிச்சிருக்காங்க"ன்னார்.

அந்த இழுப்புதான் சமாச்சாரம். அவர் புதுசா அடிச்சுக் காட்டினதை அப்படியே சொல்றேன். எங்க வாசக்கால் நிலைமரம் 3 இன்ச் கனம், அதுல மூணுல ஒரு பங்கு, அதாவது 1 இன்ச், நாக்கு. மிச்ச ரெண்டு பங்கு ரெண்டு பக்கமும் தோள் மாதிரி நிக்கும். மேல்சட்டத்துல அதே 1 இன்ச்சுக்கு துளை. நாக்கை இன்னும் உள்ள விடல. முதல்ல மேல்சட்டத்துல மட்டும் குறுக்கால ஆணிக்கு ஓட்டை போட்டார், சுமார் 10 மில்லிமீட்டர். அப்புறம் நாக்கை முழுசா உள்ள தள்ளி, தோள் மேல்சட்டத்துல நல்லா உக்காந்ததும் அந்த ஓட்டை வழியா கூரான கம்பியை விட்டு நாக்கு மேல ஒரு புள்ளி குத்தினார். வெளிய எடுத்தார். இப்ப அந்தப் புள்ளியிலேயே ஓட்டை போட்டா ஆணி சும்மா உள்ள போய் நிக்கும், ஒண்ணையும் இழுக்காது. அதனால புள்ளியில இருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி, தோள் இருக்கற பக்கமா ஓட்டை போட்டார். திரும்ப பூட்டினா ரெண்டு ஓட்டையும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்காது. முனை சீவின ஆணியை கொட்டாப்புளியால அடிக்கும்போது அது வழி தேடி வளைஞ்சு உள்ள போகும், போற போக்குல நாக்கை மேல்சட்டத்துக்குள்ள இன்னும் இழுத்துக்கும், தோள் ரெண்டும் கப்புன்னு உக்காந்துடும். வளைஞ்ச ஆணி நிமிரப் பாத்துக்கிட்டே இருக்கும்ல, அதனால அந்தப் பிடி அப்படியே நிக்கும். க்ளாம்பெல்லாம் இல்லாத காலத்துல நாக்கும் துளையும் சேர்ற மூட்டை இறுக்கிப் பிடிச்சதும் இதே ஆணிதான்.

தப்பு எங்கெங்க நடக்கும்னும் சொன்னார். ஓட்டையை எதிர்பக்கம் தள்ளிட்டா, அதாவது நாக்கு நுனிப்பக்கமா, ஆணி மூட்டை இழுக்காம வெளிய தள்ளிவிடும், அடிக்க அடிக்க தோள்ல இடைவெளி விழறது கண்ணுக்கே தெரியும். இழுப்பு அதிகமாப் போனா ஆணி உடையும், இல்லன்னா நாக்கு நுனிக்கும் ஓட்டைக்கும் நடுவுல இருக்கற கட்டை நாரோட்டத்துலயே பிளந்து வந்துடும். அந்த இடத்துல ஒரு இன்ச்சாவது கட்டை விடணும்கறார். அப்புறம் ஆணிக்கு எடுக்கற மூங்கில் முத்தினதா, நல்லா காஞ்சதா இருக்கணும், ரம்பத்தால அறுக்கக்கூடாது, பிளந்துதான் எடுக்கணும். பிளந்தா நார் நுனியில இருந்து நுனி வரைக்கும் அறுபடாம ஓடும், அறுத்தா நார் குறுக்கால வெட்டுப்பட்டு வளையும்போது அங்கேயே ஒடியும்.

காஞ்ச ஆணி ஏன்னா, மரம் சுருங்கறது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்ல. நாரோட்டத்துல நீளவாக்குல கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது, குறுக்கால மட்டும் நல்லா சுருங்கும், பச்சை தேக்கு முழுசா காஞ்சா ஒரு திசையில சுமார் 2.5 சதவீதம், இன்னொரு திசையில சுமார் 6 சதவீதம். ஆணி ஏற்கனவே காஞ்சதா இருந்தா இனிமே மெலியாது, சுத்தி இருக்கற மரம் காய காய அதை இன்னும் கவ்வும். பச்சை ஆணி போட்டா அதுவே மெலிஞ்சு கழண்டு வரும். பழைய வாசக்கால்ல ஆணி முனை மரத்தை விட இம்மியளவு வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், விரலால தடவினா தெரியும். கட்டை சுருங்கிடுச்சு, ஆணி நீளம் அப்படியே இருக்கு, அதான் காரணம். அது நல்ல அடையாளம்தான். மாறா தோள் இடுக்குல விசிட்டிங் கார்டு சுலபமா நுழைஞ்சா மூட்டு விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

இரும்பு ஆணி ஏன் இல்லைன்னு கேட்டா, எங்க வாசக்கால்லயே பதில் இருந்துச்சு. யாரோ பின்னாடி தோரணம் கட்ட அடிச்ச ஆணி துருப்பிடிச்சு, அதைச் சுத்தி கட்டை கருப்பாகி ஒரு விரிசல் ஓடியிருந்தது. துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், கடல்காத்து ஊர்ல அது ஆப்பு மாதிரி கட்டையைப் பிளக்கும்.

ஆனா "ஒரு ஆணி கூட இல்ல"ன்னு வாட்ஸ்அப்ல வர்றதை அப்படியே நம்பாதீங்க. ஜப்பான் ஹோர்யூஜி கோயில்லயே அடிச்சு செஞ்ச இரும்பு ஆணி இருக்கு. சீனாவுல யிங்ஷியன் மரகோபுரம், 1056ல கட்டினது, 67 மீட்டர் உயரம், அதுல வேற உத்தி: தூண் உச்சியில பாரம் தாங்கற போதிகைக் கட்டையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மேல இருக்கற பாரமே மூட்டை அழுத்திப் பிடிக்குது. பாரம் கீழ அழுத்தற இடத்துல இழுப்பு ஆணி அவ்வளவா தேவைப்படாது, பக்கவாட்டுல உருவிக்கிட்டு வர்ற இடத்துலதான் அது வேணும். நம்ம பக்கம் கோயில் கல்லு, மரம்னா தேர்தான் ஞாபகம் வரும். மரவேலை பாக்கணும்னா ஈசிஆர்ல முட்டுக்காடு தக்ஷிணசித்ரா மியூசியத்துல புதுப்பள்ளி வீடு இருக்கு, கேரளாவுல இருந்து கழட்டிக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தினது. கேரளக் கூரை வேலையில கைமரத்துல எல்லாம் ஓட்டை போட்டு வளைங்கற ஒரே குறுக்குச் சட்டத்தை ஊசியில நூல் கோக்கற மாதிரி கோத்திருப்பாங்க, மேல அண்ணாந்து பாருங்க.

கடைசியா ஒண்ணு, நீங்களும் பழைய வாசக்கால் கழட்டறீங்கன்னா: தட்டி எடுத்த ஆணியை திரும்பப் போடாதீங்க. ஒரு தடவை வளைஞ்சது இன்னொரு தடவை இழுக்காது. எங்க ஆசாரி நாலு மூலைக்கும் புதுசு சீவினார், பழசுல ஒண்ணு என் மேஜை டிராயர்ல கிடக்கு.