கூட்டிப் பார்க்கும் முன் பேசி முடித்துவிடுங்கள்

கேள்வி: தக்கலைப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் செயலர் நான். சென்ற முறை நடந்த நேர்காணலில் இரண்டாமிடம் வந்தவர் தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பெண் விவரம் கேட்டிருக்கிறார். எங்கள் மினிட்ஸ் புத்தகத்தில் "அனைவரையும் பரிசீலித்து ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டது" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. அடுத்த மாதம் இளநிலை உதவியாளர் பணியிடத்துக்கு மூன்று பேர் குழு அமர்கிறது. எப்படி எழுதி வைத்தால் பின்னால் யார் கேட்டாலும் நிற்கும்?

பதில்: அந்த ஒரு வரியில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் முதலாமவர் எதில் முந்தினார், இரண்டாமவர் எதில் பின்தங்கினார் என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. தேர்வுக் குழு காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. விதியில் இருந்தால்தான் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் வழக்கு வந்த பிறகு காரணம் தேடினால் அது எடுபடுவது கடினம். உத்தரவில் இல்லாத காரணத்தைப் பின்னால் பிரமாணப் பத்திரத்தில் சேர்த்து அதை நிமிர்த்த முடியாது என்பது மொகிந்தர் சிங் கில் வழக்கில் (1977) வந்த தீர்ப்பு. அன்றைக்கே, அந்த மேசையிலேயே எழுதியதுதான் கை கொடுக்கும்.

நேர்காணலுக்கு ஒரு நாள் முன்பாவது குழு கூடி ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக் கையெழுத்திடட்டும்: எந்தெந்தத் தலைப்பில் எத்தனை மதிப்பெண், குறைந்தபட்ச மதிப்பெண் உண்டா, இருவர் சமமாக வந்தால் எந்தத் தலைப்பைப் பார்ப்பது. நேர்காணல் முடிந்த பிறகு "பாதிக்குக் கீழே எடுத்தவர் தகுதியில்லை" என்று புதுக் கோடு போட்டால் தேர்வே கவிழும். 2008இல் மஞ்சுஸ்ரீ வழக்கில் அப்படித்தான் ஆனது. ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றக்கூடாது என்பதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்திருக்கிறது.

விண்ணப்பதாரர்களில் யாராவது தனக்கு உறவா என்று ஒவ்வொரு உறுப்பினரும் அதே தாளில் எழுதித் தர வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரே ஊர், ஒரே சபை, கொண்டான் கொடுத்தான் வகை என்று ஏதாவது ஒரு தொடர்பு வந்துவிடும். தெரிந்தவர் என்றால் அதை எழுதி வைத்தால் போதும். நெருங்கிய உறவு என்றால் அந்த ஒருவர் வரும்போது மட்டும் எழுந்து வெளியே போவது போதாது. மற்றவர்களுக்குக் குறைத்துப் போட்டாலும் உறவுக்காரருக்கு லாபம்தானே? அந்த உறுப்பினர் அந்தத் தேர்விலிருந்தே விலகி, வேறொருவர் வர வேண்டும்.

இனி மதிப்பெண் தாள். தலைப்பை மட்டும் போட்டு "10க்கு" என்று விட்டால் ஒருவரின் 8 இன்னொருவரின் 5 ஆகிவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள் என்று எழுதுங்கள். "பெற்றோருக்கு விளக்கிச் சொல்லும் திறன்" என்ற தலைப்புக்கு, மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தவருக்கு எப்படி விளக்குவீர்கள் என்று எல்லோரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள். எல்லாப் படிகளையும் வரிசையாகச் சொன்னால் 9-10, ஒன்று விட்டுப் போனால் 6-8, பாதி சொன்னால் 3-5, தவறாகச் சொன்னால் 0-2. பக்கத்தில் அவர் சொன்ன பதிலைக் குறிக்க இரண்டு வரி இடம் விடுங்கள். "நல்ல பையன்", "பரவாயில்லை" போன்றவை அங்கே வரக்கூடாது.

மூன்று தலைப்பு, ஒவ்வொன்றும் 10, ஓர் உறுப்பினருக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். நான்காம் எண்காரர் வெளியே போனதும் மூவரும் தனித்தனியாக, பேசாமல், பேனாவில் மதிப்பெண் போடுகிறார்கள். முதல் உறுப்பினர் 8, 8, 8. இரண்டாமவர் 7, 8, 8. மூன்றாமவர் 6, 5, 1. மூன்றாவதான விளக்கிச் சொல்லும் தலைப்பில் 8க்கும் 1க்கும் நடுவே 7 வித்தியாசம். ஒரு தலைப்பில் 3க்கு மேல் வித்தியாசம் வந்தால் அப்போதே பேச வேண்டும் என்று முந்தைய நாள் தாளில் எழுதியிருக்க வேண்டும். மூன்றாமவரின் குறிப்பைப் பார்த்தால், "எல்லாப் படியும் சொன்னார், பேச்சில் மலையாள வாடை" என்றிருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நேரும் அநியாயம். உச்சரிப்பு இந்தத் தாளில் தலைப்பே இல்லை. அவரது குறிப்பின்படியே பதில் 9-10க்கு உரியது.

அவர் ஒப்புக்கொண்டு 9 தருகிறார் என்றால், 1இன் மேல் ஒரே கோடு, பக்கத்தில் 9, சுருக்கொப்பம், நேரம் 11.40. பழைய எண் படிக்கும்படி தெரிய வேண்டும். ஒயிட்னர் பட்ட தாள் சந்தேகத்தைத்தான் கிளப்பும். மினிட்ஸில் இப்படி எழுதலாம்: "எண் 4, தலைப்பு 3: உறுப்பினர் 3 முதலில் 1 அளித்தார். உச்சரிப்பு மதிப்பீட்டுத் தலைப்பில் இல்லை என்பதாலும், பதிலில் எல்லாப் படிகளும் இருந்ததாலும் 9 எனத் திருத்தினார். நேரம் 11.40."

இந்த நேரத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், ஏழாம் எண்காரர் உள்ளே வந்ததே 12.45க்கு. அவர் மூவரிடமும் 20, 20, 22 வாங்கி மொத்தம் 62. நான்காம் எண்காரருக்குத் திருத்தத்துக்கு முன் 24, 23, 12 என 59. திருத்திய பின் 67. தரவரிசையே மாறிவிட்டது. இதே திருத்தத்தை மாலையில் கூட்டல் போட்டுப் பார்த்த பிறகு செய்திருந்தால், நியாயமான திருத்தமாக இருந்தாலும் நான்காமவரைத் தூக்கிவிடச் செய்ததாகத்தான் படும். ஏழாமவரின் மதிப்பெண்ணே பிறக்காத வேளையில் செய்ததால் அந்தக் குற்றச்சாட்டுக்கு இடமில்லை. எனவே வித்தியாசங்களை ஒவ்வொருவர் போனதும் பேசித் தீர்த்துவிடுங்கள். கூட்டலைக் கடைசியில் மட்டும் போடுங்கள். பல இடங்களில் பென்சிலில் போட்டுவிட்டு, யார் வேண்டும் என்று முடிவான பிறகு பேனாவில் எழுதும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாமவர் மாற்ற மறுத்தால்? தலைவர் அவரை வற்புறுத்தவும் கூடாது, அந்த எண்ணைத் தானே திருத்தவும் கூடாது. 1 அப்படியே நிற்கட்டும். அவர் சொன்ன காரணத்தையும் மற்ற இருவரின் மறுப்பையும் எழுதி, முடிவை அறிவிக்கும் முன் நியமன அதிகாரம் உள்ள பள்ளிக் குழுவின் முன் வையுங்கள். "ஒருமனதாக" என்ற சொல் அன்றைய மினிட்ஸில் வரக்கூடாது.

முடிவில் முதல் மூவருக்காவது தலைப்புவாரியாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். "எண் 7 பதிவேட்டுக் கேள்வியில் முழுமை, விளக்கும் தலைப்பில் இரண்டு படி விட்டார்" என்பது போதும். குழு உறுப்பினர் மூவரும் எழுந்து போவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். மதிப்பெண் தாளில் உறுப்பினர் 1, 2, 3 என்று மட்டும் இருக்கட்டும். எந்த எண் யார் என்பதைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் குழுவினரின் பெயரை வெளியிடத் தேவையில்லை என்று 2012இல் பீகார் தேர்வாணைய வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. நகல் கொடுக்க வேண்டி வந்தால் பெயர், கையெழுத்தை மறைத்துவிட்டு மற்றதைத் தரலாம். கைக்குறிப்பு எழுதிய தாள்களையும் கோப்பிலேயே வையுங்கள். வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருக்கும்வரை எதையும் கிழிக்க வேண்டாம்.

சென்ற முறைத் தேர்வு பற்றிக் கேட்டவருக்கு இருப்பதை மட்டும் கொடுங்கள். இல்லாத தகவலை உருவாக்கித் தர தகவல் உரிமைச் சட்டம் கேட்கவில்லை. 2011இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. மினிட்ஸ் நகலோடு, தலைப்புவாரி மதிப்பெண் தாள் பதிவில் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். பழைய தேதி போட்டு இப்போது ஒரு தாள் தயாரிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் உடன்படாதீர்கள். ஒரு வரி மினிட்ஸ் வெறும் குறை. பழைய தேதியிட்ட தாள் போலி ஆவணம்.