நகைக்கடை லாபம் 6 லட்சமா, 21 லட்சமா? தம்பி பிரியும் நேரத்தில் தங்கத்துக்கு எந்த விலை போடுவது?

கேள்வி: வேலூரில் நானும் தம்பியும் கூட்டாகச் சின்ன நகைக்கடை வைத்திருக்கிறோம். ஏப்ரலில் 1,000 கிராம் 22 கேரட் இருந்தது, அடக்கம் கிராம் 6,000. வருஷத்தில் 7,000 வீதம் 500 கிராம் வாங்கினோம், சராசரியாக 7,200க்கு 500 கிராம் விற்றோம். செய்கூலி வரவு வாடகைக்கும் சம்பளத்துக்கும் சரியாகப் போயிற்று. மார்ச் கடைசியில் மார்க்கெட் 8,000. ஆடிட்டர் 6 லட்சம் லாபம் என்கிறார். பிரிந்து போக நினைக்கும் தம்பி 21 லட்சம் என்கிறான். கையில் மிஞ்சியதோ 1 லட்சம்தான். யார் சொல்வது சரி? – வாசகர், வேலூர்

பதில்: மூன்று தொகையுமே கூட்டல் கழித்தலில் சரிதான். மூன்றும் வேறு வேறு கேள்விக்கான விடைகள், அதனால்தான் வீட்டில் பேச்சு முடியாமல் போகிறது.

முதலில் 1 லட்சம். 500 கிராம் விற்று 36 லட்சம் வந்தது, 500 கிராம் வாங்க 35 லட்சம் போனது. பெட்டியில் இருந்த 1,000 கிராம் அப்படியே 1,000 கிராமாக நிற்கிறது. தங்கத்தை மட்டும் பார்த்தால் வருஷம் முழுக்க உழைத்ததில் ரொக்கமாகக் கிடைத்தது இந்த ஒரு லட்சம்தான்.

ஆடிட்டர் போட்டிருப்பது முதலில் வாங்கியது முதலில் விற்றது என்ற கணக்கு. விற்ற 500 கிராமும் பழைய 6,000 ரூபாய்ச் சரக்கு என்று வைத்துக்கொள்வார், அதன் அடக்கம் 30 லட்சம். 36இல் 30 போனால் 6 லட்சம் லாபம். மிச்சமிருக்கும் 1,000 கிராமில் பாதி 6,000க்கும் பாதி 7,000க்கும் நிற்பதால் இருப்பு 65 லட்சம். அந்த 6 லட்சத்தில் 5 லட்சம் எங்கே போனது என்றால், 6,000க்கு வாங்கியிருந்த 500 கிராமை விற்றுவிட்டு அதே 500 கிராமை 7,000 கொடுத்துத் திரும்ப வாங்கியதில் போனது. லாபம் வந்தது உண்மை, வந்த வேகத்தில் மறுபடி தங்கமாகிவிட்டது.

தம்பி என்ன செய்கிறார் என்றால் கையிருப்பு 1,000 கிராமையும் 8,000 போட்டு 80 லட்சம் என்கிறார். இருப்பின் மதிப்பு 15 லட்சம் ஏறினால் லாபமும் அதே 15 லட்சம் ஏறும், ஏனென்றால் இறுதி இருப்பு லாபக் கணக்கில் வரவுப் பக்கத்தில்தான் உட்காரும். ஆக 21. ஒரு குண்டுமணி கூட அதிகம் விற்கவில்லை, லாபம் மட்டும் மூன்றரை மடங்கு.

வருமான வரிக்கும் புத்தகத்துக்கும் ஆடிட்டர் போட்டதுதான் சரி. சரக்கை அடக்க விலை, விற்றால் கைக்கு வரக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் எழுத வேண்டும். கணக்குத் தரநிலை 2 சொல்வதும் இதுதான், வருமான வரிக்கென்று 2016-17 நிதியாண்டு முதல் நடைமுறையில் இருக்கும் தரநிலையும் இதுதான். இது புதிதாக வந்த யோசனை இல்லை, வரவிருக்கும் நஷ்டத்தை முன்கூட்டியே எழுதலாம், வரவிருக்கும் லாபத்தை விற்காமல் எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1953லேயே சொல்லியிருக்கிறது. அதன் பலன் உங்கள் கணக்கிலேயே தெரியும்: பங்குதாரர் சம்பளம், மூலதன வட்டி எதுவும் கழிக்காமல் பார்த்தால் கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம். 21 லட்சத்துக்கு வரி சுமார் 6.55 லட்சம். கையில் 1 லட்சம் வைத்துக்கொண்டு அதைக் கட்ட வேண்டுமானால் கடைத் தங்கத்தில் 8 பவுனுக்கு மேல் விற்றாக வேண்டும். 6 லட்சத்துக்கே 1.87 லட்சம் வருகிறது, அதுவே உங்கள் ரொக்கத்தை மீறுகிறது. விலை ஏறும் வருஷத்தில் நகைக்கடைக்காரர் வரி கட்டப் பணம் தேடுவது இதனால்தான். அந்த வருஷத்தில் புத்தக லாபத்தைப் பார்த்து வீட்டுக்குப் பணம் எடுக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த வருஷம் 80 லட்சம் என்று எழுதி, அடுத்த மார்ச்சில் விலை 7,000க்கு இறங்கினால், விற்காமல் வைத்திருந்த அதே சரக்குக்கு 10 லட்சம் நஷ்டம் என்று புத்தகம் சொல்லும். உங்கள் சராசரி அடக்கமோ 6,500, உண்மையில் ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது. விலை 6,200க்கு இறங்கினால்தான், மொத்தமாகப் பார்க்கும்போது, 65 லட்சத்தை 62 ஆக்கி 3 லட்சம் நஷ்டம் எழுத வேண்டும். அப்போது எழுதத் தயங்கவும் கூடாது, ஏறும்போது அடக்கம், இறங்கும்போதும் அடக்கம் என்று பிடிவாதம் பிடிப்பது விதிக்கு விரோதம்.

எல்லாக் கொள்முதலையும் கலந்து சராசரி அடக்கம் போடும் முறையும் அனுமதிக்கப்பட்டதுதான். 1,500 கிராமுக்கு 95 லட்சம், கிராம் சுமார் 6,333. அப்படிப் போட்டால் உங்கள் லாபம் 4.33 லட்சம்தான். பழைய நகையை உருக்கி, பத்தரிடம் கொடுத்து, புது நகையாக வாங்குகிற தொழிலில் எந்தக் கிராம் எந்தக் கொள்முதலைச் சேர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது என்பதால் எனக்கு இந்த முறைதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் வரி குறைகிறதே என்று இந்த வருஷம் மட்டும் மாறக் கூடாது. தக்க காரணம் இருக்க வேண்டும், மாற்றத்தால் லாபம் எவ்வளவு மாறியது என்று அறிக்கையில் காட்ட வேண்டும், அதன் பிறகு வருஷா வருஷம் அதிலேயே நிற்க வேண்டும். கடைசியாக வாங்கியது முதலில் விற்றது என்ற முறையில் போட்டால் லாபம் சரியாக 1 லட்சம் வரும், உங்கள் ரொக்கத்தோடு பொருந்தும், பல பழைய கடைகள் அப்படித்தான் எழுதி வந்தன. இப்போது அதற்கு அனுமதி இல்லை.

எந்த முறையானாலும் கிராம் தப்பினால் எல்லாம் தப்பு. மார்ச் 31 ராத்திரி கடையில் இருக்கும் தட்டுகளை மட்டும் எடை போட்டுவிட்டு முடிப்பார்கள். பத்தரிடம் வேலைக்குக் கொடுத்திருக்கும் கட்டி விட்டுப்போகும். அது 40 கிராம் என்றால், 6,500 வீதம் 2.6 லட்சம் இருப்பு காணாமல் போய், லாபமும் அதே அளவு குறைந்துவிடும். வாடிக்கையாளர் தன் தங்கத்தைக் கொடுத்துச் செய்யச் சொன்ன வளையல் உங்கள் தட்டில் இருந்தால், அது உங்கள் சரக்கில்லை, கழிக்க வேண்டும். கல் வைத்த நகையில் கல் எடையைத் தனியாக எடுங்கள். பத்தர் கூலி, ஹால்மார்க் கட்டணம் போன்ற நீங்கள் கொடுத்த செலவும் அடக்கத்தில் சேரும், வாடிக்கையாளரிடம் வாங்கப்போகும் செய்கூலி சேராது.

பழைய நகை மாற்றுவதில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா வந்து 3 பவுன் சங்கிலி எடுக்கிறார், 24 கிராம், 7,200 வீதம் தங்க மதிப்பு 1,72,800. பழைய வளையலைக் கொடுக்கிறார், அழுக்கும் பற்றும் கழித்து 14 கிராம் என்று 98,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறீர்கள். நிறைய கடைகளில் மீதி 74,800ஐ மட்டும் விற்பனையாக எழுதிவிடுவார்கள். அப்போது 14 கிராம் அடக்கமே இல்லாமல் பெட்டிக்குள் வந்துவிடும். சராசரி அடக்கம் இறங்கும், இறுதி இருப்பு இறங்கும், லாபமும் குறைத்துக் காட்டப்படும். ஜி.எஸ்.டி.யும் தப்பாகும். விற்பனை 1,72,800 முழுசாக ஒரு பக்கம், பழைய நகைக் கொள்முதல் 98,000 முழுசாக மறுபக்கம் வர வேண்டும். உருக்கியபின் 14க்குப் பதில் 13.7 வந்தால் அந்த 0.3 கிராமையும் குறைவு என்று எழுதுங்கள். இது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: மொத்தக் கொள்முதல் தொகையைக் கொள்முதல் கிராமால் வகுத்துப் பாருங்கள், வருஷத்தில் எந்த நாளும் இல்லாத அளவுக்குக் குறைந்த விலை வந்தால் எங்கோ அடக்கம் இல்லாத கிராம் நுழைந்திருக்கிறது.

வங்கியில் லிமிட் வைத்திருந்தால் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பீர்கள். அதில் மார்க்கெட் விலை, வரிக் கணக்கில் அடக்க விலை என்று போட்டுவிட்டு, எது எந்த விலை என்று எங்கும் எழுதாமல் விட்டால் பின்னால் விளக்கம் கேட்பார்கள். இரண்டிலும் கிராம் ஒன்றாக இருக்க வேண்டும், எந்த விலை என்று பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். லாபக் கணக்கில் 21 லட்சம் வராது. ஆனால் பிரியும்போது தன் பங்கை 80 லட்சத்தை வைத்துப் பேச வேண்டும் என்று தம்பி கேட்டால் அது நியாயம். புத்தகத்தில் 65 என்று எழுதியிருக்கும் சரக்கை நீங்கள் வைத்துக்கொண்டு நாளை 8,000க்கு விற்பீர்கள் அல்லவா? மறைந்து நிற்கும் 15 லட்சத்தில் அவருக்கும் பாதி உண்டு. அதே சமயம் அந்த 15 லட்சத்தின் மேல் வரும் சுமார் 4.68 லட்சம் வரியை நீங்கள் ஒருவரே சுமந்தால் அதுவும் நியாயமில்லை. வரியைக் கழித்து மீதி 10.32 லட்சத்தில் பாதி, சுமார் 5.16 லட்சம் என்று பேச்சைத் தொடங்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான இடம். நீங்கள் இரண்டே பேர் பங்குதாரர்கள். ஒருவர் விலகினால் மிஞ்சுவது ஒருவர், ஒருவரை வைத்துக் கூட்டு நிறுவனம் நடக்க முடியாது, ஆக அது விலகல் என்று பத்திரத்தில் எழுதினாலும் கலைப்பு ஆகிவிடும். கலைக்கும் நாளில் மட்டும் அடக்க விலை விதி செல்லாது. கடை தொடர்ந்து நடந்தாலும், சரக்கை விற்றால் வரும் விலையில்தான் போட வேண்டும், 15 லட்சமும் அந்த வருஷ லாபத்தில் வந்து விழும். தம்பி கேட்கும் 21 அந்த நிலையில் நிஜமாகவே வரி கட்ட வேண்டிய 21 ஆகிவிடும்.

இதைத் தவிர்க்க, தம்பி விலகுவதற்கு முன்பே உங்கள் மனைவியையோ வளர்ந்த மகனையோ உண்மையிலேயே வேலையும் முதலும் போடுகிற பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டால் நிறுவனம் கலையாது, புத்தகத்தில் அடக்க விலையே தொடரும். ஆனால் அப்போதும் தம்பியின் மூலதனக் கணக்கில் இருப்பதற்கு மேல் பணமாகக் கொடுக்கும் தொகைக்கு நிறுவனத்தின் கையில் வரி வரலாம், பணத்துக்குப் பதில் தங்கமாகவே கொடுத்தால் அன்றைய மார்க்கெட் விலைக்கு விற்றதாக எடுத்துக்கொள்வார்கள். எது குறைவான சுமை என்பது அவருடைய மூலதனக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்தது, அதை எனக்கு எழுதவில்லை. அந்த ஒரு தொகையை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போய் இரண்டு விதமாகவும் வரியைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், பத்திரம் எழுதுவது அதற்குப் பிறகு. பிரியும் தேதியன்று இருவரும் உட்கார்ந்து தட்டு தட்டாக எடை போட்டு, பத்தரிடம் இருப்பதையும் சேர்த்து, கிராம் பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.