முதற்கட்டப் பரிசோதனை மாடலில் பிரிசிஷன் 15.5% என்றால் தோல்வியா?

கேள்வி: நோய் இருக்கிறதா என்று கணிக்கும் மாடலை 1,000 பேரிடம் சோதித்தேன். ரீகால் 90%, பிரிசிஷன் 15.5% மட்டுமே. மாடலைத் தூக்கி எறியலாமா?

```
[[882  98]
 [  2  18]]
```

பதில்: வேண்டாம். scikit-learn தரும் அட்டவணையில் வரிசை உண்மை நிலை, நெடுவரிசை மாடலின் கணிப்பு. இதை மாற்றிப் படித்துக் குழம்பாதவர்கள் குறைவு (நானும் குழம்பியிருக்கிறேன்).

இரண்டாம் வரிசையில் நோயாளிகள் 20 பேர். மாடல் 18 பேரைப் பிடித்தது, 18/20 ரீகால். இரண்டாம் நெடுவரிசையில் 'நோய் இருக்கலாம்' என்று சொல்லப்பட்டவர்கள் 116 பேர், 18/116 பிரிசிஷன். நோய் 2% பேருக்கே இருப்பதால், நலமானவர்களில் பத்தில் ஒருவரைத் தவறாகச் சந்தேகித்தாலே 98 பேர் சேர்ந்துவிடுகிறார்கள்.

அந்த 98 பேருக்கு இன்னொரு பரிசோதனையும் சில நாள் கவலையும். விடுபட்ட இருவரோ நிம்மதியாக வீடு திரும்பிவிட்டார்கள். அவர்களை யாரும் மறுபடி அழைக்கப்போவதில்லை. அதனால் முதற்கட்டப் பரிசோதனையில் ரீகாலுக்கே முன்னுரிமை.

அடுத்த கட்டம் ரத்தப் பரிசோதனை என்றால் கணிப்பின் வரம்பை 0.5-இலிருந்து இன்னும் இறக்கிப் பார்க்கலாம். திசு எடுக்கும் பயாப்ஸி என்றால், கூடுதலாக ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்க எத்தனை நலமானவர்கள் ஊசிக்கு உட்பட வேண்டும் என்று எண்ணிவிட்டு, மருத்துவருடன் பேசி முடிவெடுங்கள்.