நகைக்கடைக் கேள்விகள்: பண்டிகைக்குச் சமூக வலைதளத்தில் எதைப் போடுவது, எதை விடுவது?

அட்சய திருதியைக்கு எத்தனை நாள் முன்னால் போஸ்ட் போடத் தொடங்கலாம்?

மூன்று வாரம் போதும். முதல் வாரத்திலேயே முன்பதிவு விவரத்தை ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் நகையைக் காட்டுங்கள். கிராம் விலையைப் படத்தில் அச்சடிக்க வேண்டாம். அது ஸ்டோரிக்கு உரியது, 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். போஸ்ட்டில் போட்டால் பத்து நாள் கழித்து அதைக் காட்டி, அதே விலைக்குக் கேட்பார்கள்.

ஃபாலோயர்ஸ் குறைகிறார்கள். என்ன செய்வது?

எந்த ஊர், தங்கமா வெள்ளியா, வாரத்துக்கு எத்தனை போஸ்ட்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

போன தீபாவளிக்குத் தினமும் 'சேதாரத்தில் 25% தள்ளுபடி' போட்டோம். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 கிராம் செயினுக்குத் தங்கம் ஒரு லட்சம், 12% சேதாரம் 12,000. அதில் 25% என்பது 3,000. மொத்த பில்லில் மூன்று சதவீதம்கூட இல்லை. பக்கத்துக் கடைக்காரர் தள்ளுபடியே சொல்லாமல் 9% சேதாரம் போட்டால் இரண்டும் ஒரே விலை! போஸ்டரில் '25' பூசணிக்காய் அளவு, 'சேதாரத்தில்' கடுகு அளவு. பில்லைப் பார்த்து ஒரு தடவை முகம் சுளித்தவர் அடுத்த போஸ்ட்டைத் திறப்பாரா?

ஐந்து வாரத்துக்குப் பதினைந்து போஸ்ட் என்றால் தள்ளுபடிக்கு இரண்டு போதும். தொடக்கத்தில் ஒன்று, போனஸ் கைக்கு வரும் வாரத்தில் ஒன்று. இரண்டிலும் மேலே சொன்ன மாதிரி ஒரு பில்லையே போடுங்கள், உதாரணக் கணக்கு என்று குறிப்பிட்டு. மற்றவை வாங்குகிறவருக்கு உதவட்டும்: இரண்டு கிராமுக்குள் வரும் தோடு காதில் எப்படித் தெரிகிறது, தலைதீபாவளி மாப்பிள்ளைக்குத் தெரியாமல் மோதிர அளவு எடுப்பது எப்படி. மோதிரப் போஸ்ட் முதல் வாரமே வர வேண்டும். அளவு தப்பினால் திருத்திக் கொடுக்க நாள் வேண்டாமா?

ஆடியில் வியாபாரமே இல்லை. சும்மா இருக்கலாமா?

கல்யாணம்தான் இல்லை. ஆடிப்பெருக்குக்குத் தாலிச் சரடு மாற்றுவார்கள், உருக்களைச் சரிபார்த்துக் கோர்த்துத் தருவதைக் காட்டுங்கள். வரலட்சுமி விரதம் சில வருடம் ஆடியில், சில வருடம் ஆவணியில் வரும். போன வருடத் தேதியை நம்பாமல் பஞ்சாங்கம் பாருங்கள். வெள்ளி அம்மன் முகத்தைப் பத்து நாள் முன்பே காட்டுங்கள். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும் என்றும் சொல்லுங்கள், அந்த ஒரு போஸ்ட்டைப் பலர் சேமித்துவைப்பார்கள்.

மார்கழி?

தை முகூர்த்த ஆர்டர்கள் பட்டறையில் இருக்கும் மாதம். ஒட்டியாணத்தில் கல் பதிக்கும் கையைப் படம் எடுங்கள். மணப்பெண் பெயரும் மொத்தப் பவுனும் வேண்டாம், கேட்காமல் போட்டால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். விலையும் வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன், அது ஸ்டோரிக்கு.